ஏழு சென்டிமீட்டருக்குள் ஒரு தோசைக்கல்: கைப்பேசியில் படிக்க முடிகிற லிஸ்டிங் படங்கள் செய்வது எப்படி?

ஆன்லைனில் பொருள் விற்கிறவர்கள் லிஸ்டிங் படத்தை லேப்டாப்பில் உட்கார்ந்து செய்கிறார்கள். வாங்குகிறவரோ அதைப் பேருந்தில் நின்றுகொண்டு, ஒரு கையில் பிடித்த கைப்பேசியில் பார்க்கிறார். 6.5 அங்குலத் திரை என்று கடையில் சொல்வது மூலைக்கு மூலை எடுத்த அளவு. நிமிர்த்திப் பிடித்தால் அந்தத் திரையின் அகலம் ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் 2000 பிக்சல் அகலத்தில் பார்த்துப் பார்த்துச் செய்த படம் முழுவதும் அந்த ஏழு சென்டிமீட்டருக்குள் சுருங்கிவிடுகிறது. சதுரப் படம் என்பதால் உயரமும் அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் எல்லா அளவையும் கைப்பேசித் திரையிலிருந்தே தொடங்குகிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு வார்ப்பிரும்பு தோசைக்கல்லை வைத்துக்கொள்வோம். விளிம்போடு விளிம்பு 30 செ.மீ., நடுவில் தட்டையான பகுதி 26 செ.மீ., தடிமன் 5 மி.மீ., கைப்பிடியோடு எடை 2.8 கிலோ. இதே கல்லில் 25 செ.மீ. அளவும் உண்டு. கறுப்பான, கனமான, அளவைக் கண்ணால் மதிப்பிடக் கடினமான பொருள் என்பதால்தான் இதை எடுத்தேன். இதற்குப் படம் செய்யத் தெரிந்துவிட்டால் மற்றவை எளிது.

முதலில், எந்தப் படம் எந்தக் கேள்விக்கு?

மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால், இதே போன்ற தோசைக்கல் விற்கும் மற்ற லிஸ்டிங்குகளில் போய் ஒன்று, இரண்டு, மூன்று நட்சத்திர விமர்சனங்களையும் வாங்குவோர் கேட்ட கேள்விகளையும் படியுங்கள். ஐந்து நட்சத்திரத்தில் 'சூப்பர்' என்பதைத் தாண்டி ஒன்றும் கிடைக்காது. குறை சொல்கிறவர்கள்தான் விவரமாக எழுதுவார்கள். தோசைக்கல்லைப் பொறுத்தவரை திரும்பத் திரும்ப வருவது இவை: நினைத்ததைவிடச் சிறியதாக வந்துவிட்டது, என் அடுப்பில் உட்காருமா, கைப்பிடி சுடுமா, பழக்கிய கல்லா, நாமே பழக்க வேண்டுமா, இன்டக்‌ஷனில் ஆகுமா.

இவைதான் உங்கள் படங்கள். ஒரு படத்துக்கு ஒரு கேள்வி என்று பிரித்துக்கொள்ளுங்கள். அளவு ஒரு படம், கல்லின் பாகங்களைக் கோடு போட்டுக் காட்டும் கால்அவுட் ஒரு படம், பழக்குதல், அடுப்பு பற்றிய சிறு வாசகம் ஒரு படம். எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைத்தால் ஏழு சென்டிமீட்டரில் எதுவுமே தெரியாது.

முதன்மைப் படத்தில் நமக்கு வேலை குறைவு. அமேசானில் அதற்குச் சுத்த வெள்ளைப் பின்னணி (255, 255, 255) வேண்டும், பொருள் சட்டத்தில் 85 விழுக்காட்டை நிறைக்க வேண்டும், எழுத்து, சின்னம், துணைப் பொருள் எதுவும் கூடாது. எழுத்தும் அம்புக்குறியும் இரண்டாவது படத்திலிருந்துதான். அங்கேயும் விலை, தள்ளுபடி, நட்சத்திர மதிப்பீடு, போன் எண் போன்றவற்றைப் போட்டால் படம் நிராகரிக்கப்படலாம். மற்ற தளங்களின் விதிகள் கொஞ்சம் மாறும், ஏற்றும் முன் அந்தந்த விற்பனையாளர் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது படமாக எதை வைப்பது? என் கருத்து, அளவுப் படம்தான். பெரும்பாலானோர் அழகான சமையலறைக் காட்சியை இரண்டாவதாக வைக்கிறார்கள். தோசைக்கல் வாங்க வந்தவருக்குத் தோசை எப்படி இருக்கும் என்று தெரியும். கல் எவ்வளவு பெரியது என்றுதான் தெரியாது.

கேன்வாஸும் எழுத்தளவும்

கேன்வாஸ் 2000 × 2000 பிக்சல் போதும். அமேசானில் நீளமான பக்கம் 1000 பிக்சலாவது இருந்தால்தான் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி வரும். 2000 வைத்தால் அதற்குத் தாராளமாகப் போதும், கணக்கும் எளிது.

இப்போது எழுத்தளவு. நிறைய ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் செயலிகள் திரையின் அகலத்தை 360 அலகு என்று எடுத்துக்கொள்கின்றன. செயலிகளில் சாதாரணமாகப் படிக்கும் எழுத்து அந்த அலகில் 14 முதல் 16 வரை இருக்கும். நமது 2000 பிக்சல் படம் 360 அலகுக்குள் வருகிறது என்றால், ஓர் அலகுக்கு 5.55 பிக்சல். 16 அலகு எழுத்து வேண்டுமானால் 16 × 5.55, அதாவது சுமார் 89 பிக்சல். லேப்டாப் திரையில் அழகாகத் தெரிகிற 40 பிக்சல் எழுத்து கைப்பேசியில் வெறும் 7 அலகாகிவிடும். மருந்து அட்டைக்குப் பின்னால் இருக்கும் எழுத்து மாதிரி, இருப்பது தெரியும், படிக்க வராது.

தமிழுக்கு 89 கூடப் போதாது என்பேன். ணை, ஞ, றூ போன்றவற்றில் சுழிகள் நெருங்கி வருவதால், அதே அளவு ஆங்கில எழுத்தைவிட இவை சீக்கிரம் அடைந்துபோகும். ஆகவே 100 பிக்சலைக் கீழ் எல்லையாக வையுங்கள். தலைப்பு வரி 150 முதல் 170 வரை இருக்கலாம். எந்த மென்பொருளாக இருந்தாலும் நினைவில் நிற்கும் வழி ஒன்று உண்டு: படத்தின் உயரத்தை இருபதாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மிகச் சிறிய எழுத்தின் அளவு. அதற்குக் கீழே போகத் தோன்றினால் எழுத்தைச் சுருக்காதீர்கள், வார்த்தையைக் குறையுங்கள்.

ஒரு பொறி இங்கே இருக்கிறது. சில மென்பொருள்கள் எழுத்தளவைப் பிக்சலில் சொல்லாமல் புள்ளியில் சொல்லும். அப்போது அந்த எண்ணுக்கும் பிக்சலுக்கும் உள்ள தொடர்பு கோப்பின் ரெசல்யூஷனைப் பொறுத்தது. 300 ppi கோப்பில் 24 புள்ளி என்பது 100 பிக்சல். அதே 24 புள்ளி 72 ppi கோப்பில் வெறும் 24 பிக்சல். எண்ணை நம்பாமல், 100 பிக்சல் உயரத்தில் ஒரு செவ்வகம் வரைந்து எழுத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிடுங்கள்.

ஓரங்களில் சுற்றிலும் 120 பிக்சல் காலியாக விடுங்கள். செயலிகள் பகிர்வது, விருப்பப் பட்டியலில் சேர்ப்பது போன்ற ஐகான்களைப் படத்தின் மூலைகளில் ஏற்றி வைக்கும். உங்கள் எடைக் குறிப்பு அந்த இதயச் சின்னத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அளவுப் படம்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். திரும்பி வரும் பார்சல்களில் 'நினைத்ததைவிடச் சிறியது' என்ற காரணம் எத்தனை என்று உங்கள் கணக்கிலேயே பார்க்கலாம்.

முதல் முடிவு, எதை அளப்பது என்பது. '12 அங்குல தோசைக்கல்' என்றால் விளிம்பா, தட்டையான பகுதியா, கைப்பிடியும் சேர்த்தா? விற்கிறவருக்கு விளிம்பு என்று தெரியும், வாங்குகிறவர் தோசையின் அளவாக நினைப்பார். நமது கல்லில் விளிம்பு 30 செ.மீ., தோசை ஊற்றும் தட்டைப் பகுதி 26 செ.மீ. இரண்டையும் காட்டுங்கள். மேலிருந்து எடுத்த படத்தில் விளிம்பின் இரு முனைகளையும் தொட்டு ஒரு அளவுக்கோடு, அதன் மேல் '30 செ.மீ. (12 அங்குலம்)'. தட்டைப் பகுதியின் குறுக்கே இன்னொரு கோடு, அதில் 'தோசைக்கு 26 செ.மீ.'. கோட்டின் இரு முனையிலும் சின்ன குறுக்குக்கோடு போட்டு, அது சரியாக விளிம்பிலேயே நிற்கும்படி பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் தள்ளி நின்றாலும் படத்தின் மேல் சந்தேகம் வந்துவிடும்.

இரண்டாவது, எதோடு ஒப்பிடுவது. கை வேண்டாம், ஆளுக்கு ஆள் கை மாறும். நாணயம் 30 செ.மீ. பொருளுக்கு மிகச் சின்னது, கைப்பேசியில் ஒரு புள்ளியாகிவிடும். ஒப்பீட்டுப் பொருள் நமது பொருளின் அளவுக்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டும், எல்லார் வீட்டிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இந்தக் கல்லுக்கு அப்படி ஒன்று தயாராகவே இருக்கிறது: பள்ளிக்கூடத்து 30 செ.மீ. ஸ்கேல். கல்லின் விட்டமும் ஸ்கேலும் ஒன்றுக்கொன்று சரியாக நிற்பதைப் பார்த்தால் வேறு விளக்கமே தேவையில்லை.

அதையும் தாண்டி வாங்குகிறவரின் உண்மையான கவலை அடுப்பு. இரண்டு பர்னர் அடுப்பில் இந்தக் கல்லை ஒரு பக்கம் வைத்தால் இன்னொரு பக்கம் குழம்புச் சட்டி உட்காருமா என்பதுதான். நேர் மேலிருந்து அடுப்பை எடுங்கள், ஒரு பர்னரில் கல், மற்றதில் ஒரு பாத்திரம். இடித்தால் இடிக்கிறது என்றே தெரியட்டும். அதைப் பார்த்து 25 செ.மீ. கல்லை வாங்குகிறவர் பொருளைத் திருப்பி அனுப்ப மாட்டார்.

படம் எடுக்கும்போது கேமரா பொய் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. ஸ்கேல் மேசையில் படுத்திருக்கும், கல்லின் விளிம்பு அதைவிட 2 செ.மீ. உயரத்தில் இருக்கும். கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். 50 செ.மீ. உயரத்திலிருந்து எடுத்தால் அந்த 2 செ.மீ. வித்தியாசமே விளிம்பைச் சுமார் 4 விழுக்காடு பெரிதாக்கிவிடும், 30 செ.மீ. கல் 31-க்கு மேல் காட்டும். அதே படத்தை 2 மீட்டர் தள்ளி, 2x அல்லது 3x லென்ஸில் எடுத்தால் பிழை ஒரு விழுக்காடுதான். அகல லென்ஸை வைத்துக்கொண்டு பக்கத்தில் போகவே கூடாது. ஸ்கேலுக்கு அடியில் 2 செ.மீ. கட்டை கொடுத்து விளிம்பின் மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் இன்னும் நல்லது.

தனித்தனியாக எடுத்த இரண்டு அளவுகளை ஒரே படத்தில் சேர்க்கிறீர்கள் என்றால் கண் அளவுக்கு இழுத்துப் பெரிதாக்காதீர்கள். ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை பிக்சல் என்று முடிவு செய்யுங்கள். 40 என்று வைத்தால் 25 செ.மீ. கல் 1000, 30 செ.மீ. கல் 1200, கூட்டினால் 2200, கேன்வாஸில் அடங்காது. 30 வைத்துப் பாருங்கள்: 750, 900, ஆக 1650. மீதி 350 பிக்சலில் இரண்டு ஓரத்துக்கும் 120 வீதம் போக நடுவில் 110 இடைவெளி கிடைக்கிறது. கைப்பிடிகள் பக்கவாட்டில் நீட்டாமல் மேல் நோக்கி இருக்கட்டும், இரண்டு கல்லின் அடி விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கட்டும். அடி ஒரே மட்டத்தில் இருந்தால்தான் கண் உயர வித்தியாசத்தைப் பிடிக்கும்.

5 செ.மீ. வித்தியாசம் என்று எழுதினால் ஒன்றும் உறைக்காது. விட்டம் 25-லிருந்து 30 ஆனால் பரப்பு 1.44 மடங்காகிறது. '44% கூடுதல் இடம்' என்பது அளந்து சொல்லக்கூடிய உண்மை, பெரிய கல்லின் கீழே அதை எழுதலாம். சின்ன கல்லின் கீழே அப்படி ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

இரண்டு அளவுக்கும் ஒரே லிஸ்டிங்கில் தேர்வு கொடுத்திருந்தால் அளவுப் படத்தை இரண்டாகச் செய்யுங்கள். 25-ஐத் தொட்டவருக்கு 25 அழுத்தமாகவும் மற்றது மங்கலாகவும் தெரிய வேண்டும். ஒரே படத்தை இரண்டிலும் ஏற்றிவிட்டால், சிறியதைத் தேர்ந்தெடுத்தவர் திரையில் பெரியதைப் பார்த்துக்கொண்டே வாங்குவார். அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கால்அவுட் படம்

கால்அவுட் கோடு ஓர் இடத்தைக் காட்டுவதற்கு. காட்ட முடியாத விஷயத்துக்குக் கோடு போடக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பாதி குழப்பம் போய்விடும். 'பழக்கிய கல்' என்பதற்குக் கல்லில் எந்தப் புள்ளியைக் காட்டுவீர்கள்? 'இன்டக்‌ஷனிலும் ஆகும்' என்பதற்கு? அவை எங்கேயும் இல்லை, கல் முழுவதும் இருக்கின்றன. அவற்றைத் தனிப் படத்தில் வாசகமாக வையுங்கள். கோடு போடத் தகுதியானவை நமது கல்லில் மூன்று: விளிம்பில் தெரியும் 5 மி.மீ. தடிமன், தட்டையான நடுப்பகுதி, கைப்பிடி. மூன்றுக்கு மேல் வேண்டாம்.

கல்லைச் சற்றுச் சாய்த்து, தடிமன் தெரியும்படி எடுங்கள். பிறகு படத்தில் கல்லை இடது ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும்படி தள்ளுங்கள். முழுக் கல்லும் முதன்மைப் படத்திலேயே இருக்கிறது, இங்கே வலது பக்கம் எழுத்துக்கு இடம்தான் முக்கியம். மூன்று குறிப்பும் ஒரே பக்கத்தில், இடது விளிம்பு ஒரே நேர்கோட்டில் வரிசையாக வந்தால் கண் மேலிருந்து கீழே ஒரே ஓட்டத்தில் படிக்கும். நான்கு மூலைக்கும் சிதறினால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கும்.

கோட்டின் தடிமன் 8 முதல் 10 பிக்சல். அது கைப்பேசியில் ஏறக்குறைய இரண்டு அலகாகும். 3 பிக்சல் கோடு அரை அலகுதான், கண்ணுக்குத் தப்பிவிடும். கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது, வளைவு தேவைப்பட்டால் ஒரே ஒரு முறை.

கறுப்புக் கல்லில் வருகிற தொல்லை என்னவென்றால், வெளிர்ப் பின்னணியில் தெளிவாக வந்த கறுப்புக் கோடு கல்லின் மேல் ஏறியதும் காணாமல் போய்விடும். வெள்ளைக் கோடு போட்டால் பின்னணியில் காணாமல் போகும். முனையில் 40 பிக்சல் விட்டத்தில் ஆரஞ்சுப் புள்ளி வைத்து, அதைச் சுற்றி வெள்ளை வளையம் கொடுங்கள். கோட்டையும் ஆரஞ்சாக்கிவிட்டால் இரண்டு பக்கமும் தெரியும்.

5 மி.மீ. தடிமனை முழுக் கல் தெரியும் படத்தில் காட்ட முடியாது, அது ஒரு மெல்லிய கீற்று. அந்த இடத்தை மட்டும் கிட்டத்தில் எடுத்து 550 பிக்சல் வட்டத்துக்குள் வைத்து, வட்டத்திலிருந்து விளிம்புக்குக் கோடு இழுங்கள்.

கைப்பிடிக்கு என்ன எழுதுவது? வார்ப்பிரும்புக் கைப்பிடி சுடும். 'துணியால் பிடிக்கவும்' என்று அங்கேயே எழுதிவிடுங்கள். குறையைச் சொல்வதா என்று சிலர் தயங்குவார்கள். வாங்கிய பிறகு கை சுட்டுத் தெரிந்துகொண்டவர் எழுதும் ஒரு நட்சத்திரத்தைவிட இது மலிவு. தவிர, ஒரு குறையைச் சொன்ன படத்தில் மற்ற இரண்டு வரியையும் நம்புவார்கள்.

சிறு வாசகம்

தமிழில் வாசகம் எழுதினால் நீளத்துக்கு முதல் காரணம் நாமே சேர்க்கிற 'செய்யப்பட்டது', 'வடிவமைக்கப்பட்டுள்ளது' போன்ற வால்கள். 'முன்கூட்டியே பதப்படுத்தப்பட்டது' என்பதை 150 பிக்சலில் எழுதினால் ஒரு வரியில் நிற்காது. 'பழக்கிய கல்' ஏழு எழுத்தில் முடிந்தது, வீட்டில் பேசுகிற சொல்லும் அதுதான். 'இன்டக்‌ஷன் அடுப்புடன் இணக்கமானது' என்பதற்கு 'இன்டக்‌ஷனிலும் ஆகும்'. 'உயர்தர கனமான வார்ப்பிரும்பினால் தயாரிக்கப்பட்டது' என்பதற்கு '2.8 கிலோ வார்ப்பிரும்பு'. பார்த்தீர்களா, 'உயர்தர' போனதும் ஓர் எண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது. 2.8 கிலோ என்று படித்தால் தூக்கிப் பார்த்த மாதிரி இருக்கும், வயதானவர் வீட்டுக்கு வாங்குகிறவர் அங்கேயே யோசித்துவிடுவார்.

150 பிக்சல் எழுத்தில் வரிக்குப் பதின்மூன்று, பதினான்கு எழுத்துகள்தான் வசதியாக நிற்கும். ஒரு படத்தில் ஒரு தலைப்பு வரி, அதன் கீழே 100 பிக்சலில் ஒரு துணை வரி, அவ்வளவே.

எழுத்துருவுக்கு Noto Sans Tamil, Mukta Malar, Hind Madurai, Catamaran ஆகியவை இலவசம், ஒற்றைத் தடிமனில் தெளிவாக இருக்கும். மிகக் கனத்த வடிவத்தை எடுத்தால் சுழிகள் அடைந்துவிடும். நடுத்தரமோ அரைக்கனமோ போதும். தமிழுக்கு மேலும் கீழும் கொக்கி உண்டு என்பதால் வரி இடைவெளியை 1.4 மடங்காக வையுங்கள். இல்லையென்றால் மேல் வரியின் 'மூ' கீழ் வரியின் 'கீ'யை இடிக்கும். போட்டோஷாப்பில் 'கொ' எழுதினால் கொம்பு இடம் மாறி வருகிறது என்றால், பத்தி அமைப்பில் World-Ready எனத் தொடங்கும் தேர்வுக்கு மாற்றுங்கள்.

நிறம், ஏற்றுமதி, சோதனை

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட இலவசக் கருவிகள் இருக்கின்றன. 4.5:1 என்பது பொதுவாக ஏற்ற குறைந்த அளவு, வெயிலில் பார்க்கும் கைப்பேசிக்கு நான் 7:1 கேட்பேன். வெள்ளையில் #999999 சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரியும், ஆனால் 3:1 கூட வராது. #595959 போட்டால் 7:1 வந்துவிடும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்பது இன்னும் சுலபமான சோதனை: எழுத்து அப்போதும் துருத்திக்கொண்டு நின்றால் சரி.

கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்தைத் தவிருங்கள். ஜேபெக் வழக்கமாக நிற விவரத்தைப் பாதியாகக் குறைத்துச் சேமிப்பதால் அந்த எழுத்தின் ஓரம் கசிந்தது போலாகும். கோப்பை sRGB-யில், ஜேபெக் தரம் 90-க்கு மேல் வைத்து ஏற்றுமதி செய்யுங்கள்.

சோதனையைக் கைப்பேசியில் மட்டும் செய்யுங்கள். லேப்டாப்பில் படத்தைச் சுருக்கிப் பார்ப்பது ஏமாற்றும், ஏனென்றால் 360 பிக்சல் படம் சாதாரண மானிட்டரில் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் தெரியும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'Document' ஆக அனுப்புங்கள், புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பிறகு வீட்டில் கண்ணாடி போடுகிற ஒருவரிடம், கண்ணாடி இல்லாமல், இரண்டு விநாடி காட்டிவிட்டு மூடுங்கள். 'என்ன போட்டிருந்தது?' என்று கேளுங்கள். 'முப்பது செ.மீ., அடுப்பில் ஒரு பக்கம் முழுக்க வரும்' என்றால் படம் வேலை செய்கிறது. 'தோசைக்கல் படம்' என்று மட்டும் சொன்னால் எழுத்தில் ஏதோ ஒரு வரி அதிகம்.

ஏற்றிய பிறகு கேள்வி பகுதியைக் கவனியுங்கள். படத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிற ஒன்றையே மறுபடி கேட்டால், அந்தப் படம் ஒன்று வரிசையில் வெகு பின்னால் இருக்கிறது, இல்லை எழுத்து படிக்கும் அளவில் இல்லை. முதலில் படத்தை முன்னால் நகர்த்திப் பாருங்கள். ஒரே நேரத்தில் வரிசையையும் எழுத்தையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். படத்தில் இல்லாத ஒன்றைப் பலரும் கேட்டால், அதுதான் நீங்கள் செய்ய வேண்டிய அடுத்த படம். தோசைக்கல்லுக்கு அநேகமாக அது 'துரு பிடித்தால் என்ன செய்வது' என்பதாக இருக்கும்.